ஆறாத உதட்டுப் புண்: வெயிலில் உழைத்த முதியவர்களுக்காகச் சில விளக்கங்கள்

நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வயலில் உழைத்தவர்களின் முகத்தில் சில இடங்கள் ஒரு நாளும் நிழல் கண்டிருக்காது. தலையில் கட்டிய துண்டு உச்சந்தலையையும் நெற்றியின் ஒரு பகுதியையும் காக்கும். காதின் மேல் விளிம்பும் மூக்கும் கீழுதடும் வெளியே நிற்கும். அறுபது வயதைக் கடந்தபின் இந்த இடங்களில் ஒரு சிறு பொருக்கு தோன்றி, உதிர்ந்து, அதே இடத்தில் மறுபடியும் கட்டினால், அதைச் சாதாரணப் புண்ணாகக் கருதி மாதக்கணக்கில் காத்திருக்கலாகாது. மூன்று இடங்களிலும் கீழுதட்டுப் புண்ணே வெடிப்பு, வாய்ப்புண், பல்செட் உராய்வு என்ற பெயர்களில் நெடுநாள் மறைந்து கிடக்கிறது என்பதால், அதைப் பற்றியே இங்கு மிகுதியாக எழுதுகிறோம்.

மேலுதடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மூக்கின் நிழலும் அதன்மேல் விழுகிறது. கீழுதடோ சற்றே வெளியே மடிந்து வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. மேலும், உதட்டின் சிவந்த பகுதியில் தோலின் மேல்படலம் மெல்லியது. வெயிலைத் தடுக்கும் நிறமியும் அங்கு குறைவு. நமது கருநிறத் தோல் தரும் பாதுகாப்பு உதட்டிற்கு முழுமையாகக் கிட்டுவதில்லை. வெயிலின் புறஊதாக் கதிர்கள் செல்களின் மரபுப் பொருளில் ஏற்படுத்தும் சிறு சிறு சேதங்கள் ஆண்டுதோறும் சேர்கின்றன. பீடி புகைப்பவர்களுக்கும் புகையிலையை உதட்டோரம் அடக்குபவர்களுக்கும் இச்சேதம் மேலும் கூடுகிறது. எங்கள் பகுதியில் வெயில் மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்க நோயாளிகள் சிலரே. பெரும்பாலானோரிடம் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

புண் ஆறாததன் காரணத்தைப் புரிந்துகொண்டால், களிம்பு ஏன் பயன்படவில்லை என்பதும் விளங்கும். சாதாரணக் காயத்தில் ஓரத்திலுள்ள நல்ல செல்கள் பெருகி, நடுவே நகர்ந்து, குழியை மூடிவிடும். உதட்டில் இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். புற்றுநோயில், கட்டுப்பாடிழந்த செல்களே புண்ணின் அடித்தளமாகவும் ஓரமாகவும் அமைந்துவிடுகின்றன. அவை ஒன்றோடொன்று சரியாகப் பிணைந்து உறுதியான தோலை உருவாக்குவதில்லை; மேற்பரப்பு உடைந்து, கசியும் நீரும் இரத்தமும் உலர்ந்து பொருக்காகின்றன. களிம்பு தடவினால் பொருக்கு மென்மையாகி உதிரும். மேலே படிந்த கிருமிகளும் குறையும். ஒரு வாரம் புண் ஆறியதுபோல் தோன்றும். பிறகு அதே இடத்தில் பொருக்கு திரும்பும். "ஆறிவிட்டது, மறுபடி வந்துவிட்டது" என்று நோயாளி சொல்லும் இந்த வரலாறே எங்களுக்கு முதல் எச்சரிக்கை.

அண்மையில் நாங்கள் கண்ட ஒருவரின் நிலையை இங்கு விவரிப்பது பயனளிக்கும். அவர் 66 வயதான மானாவாரி நிலக்கடலை விவசாயி. முன்பு பீடி புகைத்தவர். கீழுதட்டின் இடப்புறத்தில் 11 மாதங்களாகப் பொருக்கு இருந்தது. வைட்டமின் மாத்திரைகளும் இருவகைக் களிம்புகளும் மாறி மாறிப் பயன்படுத்தியிருந்தார். வலி இல்லாததால் அவர் கவலைப்படவில்லை. ரசம் குடிக்கும்போது அவர் உதட்டை ஒருபுறமாகத் திருப்பிக்கொள்வதைக் கண்ட மருமகளே அவரை அழைத்து வந்தார்.

ஈரத் துணியைப் பத்து நிமிடம் வைத்துப் பொருக்கை மென்மையாக்கி எடுத்தோம். அடியில் ஒரு சென்டிமீட்டர் அகலப் புண்; அதன் ஓரம் சற்றே உயர்ந்து உருண்டிருந்தது. உதட்டை இரு விரல்களுக்கு இடையே பிடித்துப் பார்த்தபோது, புண்ணின் அடியில் ஒரு பட்டாணி புதைந்ததுபோன்ற கடினம் தெரிந்தது. வெடிப்பிலோ வாய்ப்புண்ணிலோ இத்தகைய கடினம் இருப்பதில்லை. உதட்டின் எஞ்சிய பகுதியும் வறண்டு, வெண்மை படர்ந்திருந்தது. உதடு முடிந்து தோல் தொடங்கும் கோடு மங்கியிருந்தது. உதடு முழுவதுமே வெயிலால் சேதமடைந்ததன் அடையாளம் அது. தாடையின் அடியிலும் கழுத்திலும் நிணநீர்க் கணுக்கள் எவையும் கைக்கு எட்டவில்லை. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையிலும் சந்தேகத்திற்குரியவை காணப்படவில்லை.

அடுத்து பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனை தேவை என்றதும் குடும்பத்தினர் தயங்கினர். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. இந்நோயில் அந்த அச்சத்திற்கு இடமில்லை. பரவிய நிலையில் வருபவர்களுக்குத் தாமதமாகவே பயாப்சி செய்யப்படுவதால், பயாப்சியே காரணம் என்ற எண்ணம் ஊரில் நிலைத்துவிட்டது என்று கருதுகிறோம். உதட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் வட்டத் துளைக்கருவியால் புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்தோம். புண்ணின் நடுப்பகுதியில் அழுகிய திசு மட்டுமே கிடைக்கக்கூடும் என்பதால் ஓரத்தைத் தேர்ந்தோம். ஒரு தையல் போதுமானதாக இருந்தது. அன்றே வீடு திரும்பினார். ஒரு வாரத்தில் வந்த அறிக்கை செதிள் செல் புற்றுநோய் என்றது.

நோயைச் சுற்றி நல்ல திசுவிலும் ஒரு விளிம்பைச் சேர்த்தே அகற்ற வேண்டும். புண் ஒரு சென்டிமீட்டர், இருபுறமும் 6 மில்லிமீட்டர். ஆக, சுமார் 2.2 சென்டிமீட்டர். கீழுதட்டின் அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். மூன்றில் ஒரு பங்கிற்குள் இழப்பு அடங்கினால், ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைத்துவிடலாம். அவருக்கும் அவ்வாறே செய்து, சேதமடைந்திருந்த மீதி உதட்டின் மேற்படலத்தையும் நீக்கினோம். வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை என்று நோய்க்குறியியல் அறிக்கை உறுதி செய்தது. வாய் சற்றே சிறுத்தது. பல்செட்டை மாட்ட முதல் சில வாரங்கள் சிரமப்பட்டார். புண் உதட்டின் பாதியைத் தாண்டியிருந்தால் கன்னத்திலிருந்து சதையைத் திருப்பி உதடு அமைக்க நேர்ந்திருக்கும். கழுத்துக் கணுக்களை எட்டியிருந்தால் கழுத்திலும் அறுவை, பல சமயங்களில் அதன்பின் கதிர்வீச்சும் தேவைப்பட்டிருக்கும். அறுவை சிகிச்சை தாங்க இயலாதவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டுமே கொண்டும் சிகிச்சையளிக்கலாம். அதற்குப் பல வாரங்கள் வந்து செல்ல வேண்டும்.

மூக்கில் வருவது பெரும்பாலும் வேறு வகை. அடித்தள செல் புற்றுநோய். நம்மவர்களிடம் அது கருமையாக, பளபளக்கும் ஓரத்துடன் மச்சம் போலவே தோன்றி, நடுவில் பொருக்குக் கட்டும். உடலின் பிற பகுதிகளுக்கு அது பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் மூக்கின் குருத்தெலும்பையே அரித்துவிடும். காதில் வரும் செதிள் செல் புற்றுநோய் சற்றே கடுமையானது. காதின் முன்புறத்திலும் கழுத்திலும் உள்ள கணுக்களை எட்டக்கூடும். காது விளிம்பில் ஒருக்களித்துப் படுக்கும்போது மட்டும் கடுமையாக வலிக்கும் சிறு முடிச்சு, புற்றல்லாத குருத்தெலும்பு அழற்சியாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய எங்களாலும் எப்போதும் இயலாது.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், பகல் வெளிச்சத்தில் அவர்களது கீழுதட்டையும் காது விளிம்பையும் ஒருமுறை பாருங்கள். மூன்று வாரங்களைக் கடந்த பொருக்கு, தொட்டால் கசியும் இரத்தம், அடியில் கடினம் ஆகியவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். அதுவரை எருக்கம்பால், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அவை திசுவை எரித்துப் புதுப் புண்ணை உண்டாக்குவதால் பரிசோதனையின் முடிவைக் கணிப்பது கடினமாகிறது. பொருக்கைக் கிள்ளி எடுக்கவும் வேண்டாம்.

மேற்சொன்ன விவசாயியை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் உதட்டோடு கழுத்தையும் தடவிப் பார்க்கிறோம்; மீண்டும் வருமானால் முதலில் தெரியக்கூடிய இடங்களுள் கழுத்தும் ஒன்று. வயலுக்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. துண்டுக்குமேல் அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பி அணிகிறார். களையெடுப்பை முற்பகல் பத்து மணிக்குள் முடித்துக்கொள்கிறார்.