அடுத்தவர் அவசரத்தால் மூடும் கதவு

வங்கிச் செயலி, கடைத் தளம் எனப் பல நிறுவனங்களின் கோரிக்கைகளும் ஏபிஐ நுழைவாயில் வழியாகவே சர்வரை அடைகின்றன. அனைவருக்கும் பொதுவாக நொடிக்கு 1,000 கோரிக்கை என ஒரு நுழைவாயிலில் வரம்பு இருப்பதாகக் கொள்ளலாம். கூட்டாளி நிறுவனம் ஒன்று 200 அனுப்புகிறது, மற்றவர்கள் 600.

சர்வர் சற்றுத் தாமதித்ததும் கூட்டாளியின் மென்பொருள் ஒவ்வொரு கோரிக்கையையும் காத்திராமல் மேலும் மூன்று முறை அனுப்புகிறது. அதன் 200 இப்போது 800, மொத்தம் 1,400. நுழைவாயில் யாருடையது என்று பார்க்காமல் 400 கோரிக்கைகளைத் திருப்புகிறது. விகிதப்படி அவற்றில் ஏறத்தாழ 170, எந்தத் தவறும் செய்யாதவர்களுடையவை. அவர்களுக்கும் `429 Too Many Requests` என்ற பிழையே வருகிறது. மறுக்கப்பட்டவையும் உடனே மறுபடி அனுப்பப்பட்டால் நெரிசல் தானாக வளரும்.

பதிவேட்டை வாடிக்கையாளர் சாவிவாரியாகப் பிரித்தால் காரணம் புலப்படும்: பிழை பெற்றவரின் கோரிக்கை எண்ணிக்கை கூடியிருக்காது, ஒரே ஒரு சாவியின் கோடு மட்டும் செங்குத்தாக ஏறியிருக்கும். பொது வரம்போடு சாவிக்கொரு தனி வரம்பும் வைப்பதே முதல் தீர்வு. கூட்டாளி `Retry-After` தலைப்பில் சொல்லப்படும் நொடிகள்வரை காத்திருந்து, ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் மாற்றமும் சேர்க்க வேண்டும். அந்த மாற்றம் இல்லையெனில் எல்லா மறுமுயற்சிகளும் ஒரே நொடியில் மீண்டும் வந்து மோதும்.