ஒன்றுக்கு அருகில் வந்தால் போதுமா?

இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு அரை ஆயுட்காலத்தைக் காட்டப் பல ஆய்வகங்களில் பேரியம்-137எம் என்ற அணுவைப் பயன்படுத்துவார்கள். ஒரு சிறு குப்பிக்குள் சீசியம்-137 பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே அமிலம் கலந்த உப்புநீரைச் செலுத்தினால், சீசியத்திலிருந்து பிறந்த பேரியம் மட்டும் கழுவப்பட்டு வெளியே வரும். அதில் பாதி 153 நொடியில் சிதைந்துவிடும். அந்த நீரைக் கைகர் கருவியின் அடியில் வைத்து, 30 நொடிக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 15 நிமிடத்தில் 30 புள்ளிகள் சேரும். அவற்றின் ஊடே ஒரு வளைகோட்டைப் பொருத்தி அரை ஆயுட்காலத்தைக் கணக்கிடுவதுதான் வேலை.

கோட்டைக் கணினி வரைந்துவிடும். அந்தக் கோட்டை நம்பலாமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கான அளவுகோல்தான் ரெட்யூஸ்டு கை-ஸ்கொயர்.

கதிரியக்கச் சிதைவு தற்செயலானது. அதனால் ஒரு இடைவெளியில் 400 எண்ணிக்கை வந்தால், அதன் பிழை 400-இன் வர்க்கமூலமான 20 என்று கொள்கிறோம். தொடக்கப் புள்ளிகளில் எண்ணிக்கை 900-ஐத் தாண்டும், பிழை 30. கடைசிப் புள்ளிகளில் எண்ணிக்கை 35 அளவில் நிற்கும், பிழை 6. இவை எல்லாவற்றையும் சமமாக நடத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அந்தப் புள்ளியின் சொந்தப் பிழையால் வகுக்கிறோம். எடையிடுதல் என்பது இதுதான். கோடு 430 என்கிறது, அளவீடு 400, பிழை 20 என்றால் விலகல் 1.5. அதன் வர்க்கம் 2.25. இப்படி எல்லாப் புள்ளிகளுக்கும் கண்டு கூட்டினால் கிடைப்பது χ².

கோடு சரி, பிழைகளும் சரி என்றால் ஒவ்வொரு புள்ளியும் சராசரியாக 1-ஐக் கொடுக்கும். ஆனால் கோட்டை வளைக்க நாம் சில அளவுருக்களைத் திருகியிருக்கிறோம். அந்த எண்ணிக்கையைப் புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவதை டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்பார்கள். χ²-ஐ அதனால் வகுத்தால் வருவதே ரெட்யூஸ்டு கை-ஸ்கொயர். அது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

எவ்வளவு ஒட்டி என்பதைத்தான் பல அறிக்கைகள் சொல்வதில்லை. மிஞ்சிய எண் 28 என்றால், எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த மதிப்பு 1-க்கு மேலும் கீழும் சுமார் 0.27 ஆடும், 2-ஐ 28-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இது வரும். மிஞ்சிய எண் வெறும் 6 என்றால் ஆட்டம் 0.58. அதனால் 1.85 என்ற ஒரே மதிப்பு, எட்டுப் புள்ளியும் இரண்டு அளவுருக்களும் உள்ள சோதனையில் அவ்வளவு விசேஷமல்ல. நூற்றில் எட்டு முறை தற்செயலாகவே அப்படி வரலாம். 30 புள்ளிச் சோதனையில் அது ஆயிரத்தில் நான்கு முறைதான் வரும்.

இந்த 1.85 எங்கே வரும் என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். தொடக்கத்தில் பேரியத்தின் பங்கு 900, அறையிலுள்ள பின்னணிக் கதிர்வீச்சு 20 என்று வைத்துக்கொள்வோம். மாணவர் பின்னணியை மறந்து, வெறும் சிதைவுக் கோட்டை மட்டும் பொருத்துகிறார். அளவுருக்கள் இரண்டு, χ² 51.8, வகுத்தால் 1.85. அரை ஆயுட்காலம் 173 ± 3 நொடி என்று வருகிறது. வரைபடத்தைப் பார்த்தால் கோடு புள்ளிகளின் மேல் அழகாகத்தான் போகிறது. ஆனால் விடை உண்மையிலிருந்து 20 நொடி தள்ளி நிற்கிறது. அது தானே சொல்லிக்கொள்ளும் பிழையைப் போல ஆறு மடங்குக்கும் மேல். 1.85 என்பது இரண்டுக்குள்தானே என்று கடந்து போகிறவர் இதைக் கவனிக்க மாட்டார்.

எண் எச்சரிக்கை மட்டும்தான் செய்யும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தைக் காண, பிழையால் வகுத்த விலகல்களை நேரத்தின் வரிசையில் வரைய வேண்டும். இங்கே அவை தொடக்கத்தில் கோட்டுக்கு மேலும், நடுவில் கீழும், இறுதியில் மறுபடி மேலுமாக நிற்கும். வெறும் தற்செயல் இப்படி அணிவகுக்காது. வால்பகுதியில் எண்ணிக்கை இறங்க மறுப்பதால் கோடு தன்னை மெதுவாக்கிக்கொண்டு சமாளித்திருக்கிறது. ஒரு மாறிலியைச் சேர்த்தால் சமன்பாடு இப்படி ஆகும்:

```
N(t) = A*exp(-λ*t) + B
```

இப்போது மிஞ்சுவது 27, χ² 29.4, வகுத்தால் 1.09. விலகல்கள் மேலும் கீழும் ஒழுங்கின்றிச் சிதறுகின்றன. அரை ஆயுட்காலம் 155 ± 5 நொடி. பிழை கூடிவிட்டதே என்று வருந்த வேண்டாம். முன்பு சொன்ன 3 நொடிதான் பொய்.

1-க்கு மிகக் கீழே போவதும் கெட்ட செய்தியே. எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து நொடிக்கு இவ்வளவு என்று மாற்றிய பிறகு, அந்த வகுத்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுப்பவர்கள் உண்டு. எண்ணிக்கைக்குத்தான் வர்க்கமூலம் எடுக்க வேண்டும், பிறகுதான் 30-ஆல் வகுக்க வேண்டும். வரிசை மாறினால் பிழை ஐந்தரை மடங்கு ஊதிவிடும், χ² முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். சரியான கோட்டுக்கு 0.04, பின்னணியை விட்ட தவறான கோட்டுக்கு 0.06. இரண்டுமே பிரமாதமாகத் தெரியும். ஊதிய பிழைக்குள் எந்தக் கோடும் ஒளிந்துகொள்ளலாம்.

மென்பொருளிலும் ஒரு பொறி இருக்கிறது. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் `curve_fit`, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், கோடு சரியென்றே எடுத்துக்கொண்டு ரெட்யூஸ்டு கை-ஸ்கொயர் 1 ஆகும்படி பிழைகளை நீட்டிச் சுருக்கிவிடும். நம் தவறான கோட்டில் 3 நொடிப் பிழை 4 ஆகும். 173 அப்படியே நிற்கும். பிழைகளை நாமே அறிந்து கொடுக்கும்போது இப்படி எழுத வேண்டும்:

```python
curve_fit(f, t, N, p0, sigma=err, absolute_sigma=True)
```

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புள்ளிகளிலிருந்து அளவுருக்களைக் கழிக்கும் விதி நேர்கோட்டு வகைச் சமன்பாடுகளுக்கே கறாராகப் பொருந்தும். நம்முடையது போல λ அடுக்கில் ஏறி நிற்கும் சமன்பாடுகளுக்கு அது தோராயம்தான். வானியலாளர்கள் ஆண்ட்ரே, ஷூல்ட்ஸே-ஹார்ட்டுங், மெல்கியோர் மூவரும் 2010-இல் எழுதிய ஒரு கட்டுரை இதை வலியுறுத்தியது. தரவு தெளிவாகவும் அளவுருக்கள் நன்றாகக் கட்டுண்டும் இருக்கும் நம் சோதனையில் தோராயம் போதும். 1.09-க்கும் 1.12-க்கும் இடையே தேர்தல் நடத்தத்தான் அது உதவாது.

அறிக்கையில் வெறும் "1.09, நல்ல பொருத்தம்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதலாம்: "ஒவ்வொரு எண்ணிக்கையின் பிழையாக அதன் வர்க்கமூலம் கொள்ளப்பட்டது. 30 புள்ளிகள், 3 அளவுருக்கள், χ² = 29.4, 27-க்கு 1.09. எதிர்பார்க்கும் ஆட்டம் 0.27. கோடும் பிழையும் சரியென்றால் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ வர வாய்ப்பு 34 விழுக்காடு. விலகல்களில் ஒழுங்கு தெரியவில்லை. பின்னணியை விட்டுப் பொருத்தியபோது மதிப்பு 1.85 ஆனது, விலகல்கள் அணிவகுத்தன. அதனால் அந்தக் கோடு கைவிடப்பட்டது." கைவிட்டதையும் சொல்வது முக்கியம். "கோடு நிரூபிக்கப்பட்டது" என்று மட்டும் எழுத வேண்டாம். இந்தத் தரவால் அதை மறுக்க முடியவில்லை, அவ்வளவே.

அடுத்த முறை இதே சோதனையைச் செய்பவர்கள் பேரியத்தை வைக்கும் முன் பத்து நிமிடம் பின்னணியைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அளவீட்டையும் அதன் பிழையையும் பொருத்தலில் சேர்த்தால் 5 நொடிப் பிழை 3-க்குக் கீழே இறங்கும், இம்முறை நேர்மையாக.