தொலைக்காட்சியின் ஒலிக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத பழைய ஆம்ப்ளிஃபையர்

பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சிவப்பு, வெள்ளை ஆடியோ வயர்களால் தொலைக்காட்சியோடு இணைத்தால் ஒலி நன்றாகவே வரும். ஆனால் தொலைக்காட்சி ரிமோட்டில் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஆம்ப்ளிஃபையர் அசைந்து கொடுக்காது. திரையில் எண் 40இலிருந்து 5க்கு இறங்கும். ஸ்பீக்கரில் ஒலி முன்போலவே இருக்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் குமிழைத் திருப்ப வேண்டியிருக்கும். பலர் இதை ஆம்ப்ளிஃபையரின் பழுது என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை. தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் உள்ள ஒரு தெரிவே காரணம்.

(தமிழில் 'ஒலிபெருக்கி' என்ற சொல்லை ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் மாற்றி மாற்றி வழங்குகிறோம். இங்கே இரண்டும் தனித்தனியாக வருவதால் வழக்கிலுள்ள பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறேன்.)

இரண்டு வகை வெளியீடு

வெள்ளை வயர் இடப்பக்க ஒலியையும் சிவப்பு வயர் வலப்பக்க ஒலியையும் சிறிய மின்னழுத்தமாக எடுத்துச் செல்கின்றன. அந்த அழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவில் இருக்கும். உரத்த இடங்களில் 2 வோல்ட் வரை போகலாம். ஸ்பீக்கரை அதிரச் செய்ய இது போதாது. அதைப் பெருக்கிக் கொடுப்பதே ஆம்ப்ளிஃபையரின் வேலை.

தொலைக்காட்சிக்குள் இந்த அழுத்தத்தை எந்த இடத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஒலிக் கட்டுப்பாட்டுக்கு முன்பே எடுத்தால், ரிமோட் என்ன செய்தாலும் வெளியே போகும் அளவு மாறாது. இது நிலையான வெளியீடு; திரையில் Fixed என்று இருக்கும். கட்டுப்பாட்டைக் கடந்த பிறகு எடுத்தால், ரிமோட்டுக்கு ஏற்ப அளவும் ஏறி இறங்கும். இது மாறும் வெளியீடு. திரையில் Variable என்று இருக்கும்.

நிலையான வெளியீடு வீணான ஏற்பாடு அன்று. தொலைக்காட்சியிலிருந்து கேசட்டில் பதிவு செய்த காலத்தில், நடுவில் யாராவது ஒலியைக் குறைத்தால் பதிவும் மங்கிவிடும். அளவு மாறாத வெளியீடு அதைத் தடுத்தது. தனக்கென்று ரிமோட் உள்ள ஆம்ப்ளிஃபையருக்கும் அதுவே ஏற்றது. ரிமோட் இல்லாத பழைய பெட்டிக்குத்தான் அது தொல்லை.

கண்டறிவதும் மாற்றுவதும்

தொலைக்காட்சியின் ஒலியை மெல்ல 0 வரை இறக்கிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையர் பழையபடியே பாடினால் வெளியீடு நிலையானது. மியூட் பொத்தானை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சில தொலைக்காட்சிகளில் அது நிலையான வெளியீட்டையும் சேர்த்தே அடைத்துவிடும். ஒலியே வரவில்லை என்றால் அது வேறு சிக்கல். பல தொலைக்காட்சிகளின் பின்புறத்தில் உள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகள் வெளியிலிருந்து ஒலியை வாங்கிக்கொள்ள மட்டுமே உள்ளவை. துளையருகே 'இன்' என்றிருக்கிறதா, 'அவுட்' என்றிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

மாற்றும் முன் ஆம்ப்ளிஃபையரின் குமிழை முழுவதும் குறைத்துவிடுங்கள். பிறகு தொலைக்காட்சியில் Settings, அதில் Sound அல்லது Audio Output என்ற பகுதிக்குச் சென்று, Audio Out என்பது போன்ற வரியைத் தேடி Variable என்று மாற்றுங்கள். பெயர்கள் மாதிரிக்கு மாதிரி சற்று வேறுபடும். சிலவற்றில் தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரை Off செய்த பிறகே இந்த வரி தெரிவுக்கு வரும். வரி மங்கலாகத் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

மாற்றியபின் குமிழ் எங்கே நிற்க வேண்டும்?

இங்கேதான் நான் தவறினேன். வீட்டில் 1994இல் வாங்கிய ஆம்ப்ளிஃபையர் இருந்தது. Variable என்று மாற்றிய மகிழ்ச்சியில், தொலைக்காட்சியை 15இல் வைத்து, ஒலி போதும்வரை ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருப்பினேன். அது முக்கால் சுற்றுக்கு மேல் போனது. பேச்சுக்கு நடுவில் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டது. வயதான பெட்டி என்று விட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்துத் தொலைக்காட்சியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபோது அமைப்பு மீண்டும் Fixed ஆகிவிட்டது. மறுநாள் காலை தொலைக்காட்சியை இயக்கியதும் வீடே அதிர்ந்தது. உள்ளறையில் தூங்கிய பேரக்குழந்தை அலறி எழுந்தது. நான் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தேன். அதனால் பயன் இல்லை. குமிழைத் தொடுவதற்குள் இடப்பக்க ஸ்பீக்கரின் ட்வீட்டர் கருகிவிட்டது.

இரைச்சலுக்கும் இந்த விபத்துக்கும் காரணம் ஒன்றே. வயர் வழியில் சேரும் இரைச்சல் ஒரு மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சி ஒரு வோல்ட் அனுப்பினால் இரைச்சல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, காதுக்கு எட்டாது. ஒலியைக் குறைத்து 50 மில்லிவோல்ட் அனுப்பினால் அதே இரைச்சல் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது, சேர்த்தே பெருக்கும். அந்த நிலையில் தொலைக்காட்சி திடீரென்று முழு ஒரு வோல்ட்டை அனுப்பினால், அழுத்தம் இருபது மடங்காகும். ஸ்பீக்கருக்குப் போகக் கேட்கும் திறன் அதன் இருமடி, அதாவது 400 மடங்கு. ஆம்ப்ளிஃபையர் தன் எல்லை வரை கொடுத்து, அதற்கு மேல் அலையை வெட்டித் தரும். அப்படி வெட்டுப்பட்ட ஒலி ட்வீட்டருக்குப் பகை.

ஆகவே முறையைத் தலைகீழாக்க வேண்டும். தொலைக்காட்சியை 75 அளவில் வையுங்கள். குறைத்து வைத்த குமிழை மெல்லத் திருப்பி, உங்கள் வீட்டில் என்றாவது தேவைப்படும் அதிகபட்ச ஒலி வந்ததும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் துடைக்கும்போது நகர்ந்தாலும் தெரியும். அதன்பின் எல்லாம் ரிமோட்டில்தான். அமைப்பு எப்போதாவது Fixed நிலைக்குத் திரும்பினாலும், நீங்கள் தாங்கக்கூடிய ஒலியைவிடச் சற்றே கூடுதலாக வரும், அவ்வளவுதான். என் பெட்டியில் குமிழ் இப்போது கால் சுற்றில் நிற்கிறது. இரைச்சலும் போயிற்று.

ஆம்ப்ளிஃபையரில் வயரைச் செருகும் இடத்தையும் கவனிக்க வேண்டும். ஆக்ஸ், சிடி, டேப் இன் ஆகியவற்றில் எதுவும் சரி. ஃபோனோ என்ற துளை இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட்டுக்காக அமைந்தது. அதில் தொலைக்காட்சியை இணைத்தால் ஒலி கரகரக்கும். எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது.

Variable என்ற தெரிவே இல்லாதபோது

ஹெட்ஃபோன் துளை இருந்தால் அது பெரும்பாலும் ரிமோட்டுக்கு அடங்கும். ஒருமுனையில் 3.5 மி.மீ. செருகியும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளைச் செருகிகளும் உள்ள வயர் கடைகளில் கிடைக்கும். சில தொலைக்காட்சிகளில் ஹெட்ஃபோனின் ஒலிக்குத் தனி அளவு இருக்கும். அதை அமைப்புப் பட்டியலில்தான் மாற்ற முடியும்.

ஆப்டிகல் வெளியீடு மட்டும் இருந்தால், அதைச் சிவப்பு, வெள்ளைக்கு மாற்றும் சிறு பெட்டி தேவை. ஆனால் ஆப்டிகலில் போகும் எண்ம ஒலி பெரும்பாலும் ரிமோட்டுக்கு அடங்காது. எனவே பெட்டி வாங்கும்போதே, தனக்கென்று ஒலிக் கட்டுப்பாடும் ரிமோட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. இணைத்தபின் ஒலியே வராவிட்டால், தொலைக்காட்சியின் டிஜிட்டல் வெளியீட்டை PCM என்று மாற்றிப் பாருங்கள். மலிவான பெட்டிகள் பலவற்றுக்கு டால்பி வடிவத்தை அவிழ்க்கத் தெரியாது.