தொப்பி நிழலில் பிடிபடும் போலி முகம்

வெயிலில் தொப்பி போட்டு நிற்பவரின் முகத்தில் இரண்டு வெளிச்சம் இருக்கும். நெற்றியும் கண்களும் நிழலில், மூக்கு நுனியும் தாடையும் வெயிலில். ஒருவர் உடலில் இன்னொருவர் முகத்தை ஒட்டும் டீப்ஃபேக் வீடியோக்கள் பல இந்த நிழலில்தான் தடுமாறுகின்றன.

காரணம், முகம் மாற்றும் மென்பொருள் பொதுவாகத் தலையை மாற்றுவதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கண், புருவம், மூக்கு, வாய், தாடை ஆகியவற்றில் புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. பரவலாகப் புழங்கும் முறையில் 68 புள்ளிகள். இதில் நெற்றிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது! புள்ளிகள் புருவத்தோடு முடிந்துவிடுவதால், ஒட்டும் முகமும் பெரும்பாலும் புருவத்துக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். நெற்றி வரை மூடும் மென்பொருள்களும் உண்டு, ஆனால் அவற்றிலும் தொப்பி பழைய ஆளுடையதுதான். ஆக, தொப்பியும் காதோரமும் அசல். கண்ணும் மூக்கும் கன்னமும் புதிதாக வரைந்தவை. ஒரே நிழல் இரண்டின் மேலும் விழுந்தாக வேண்டும்.

அந்த நிழல் எப்படி விழ வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கிரிக்கெட் தொப்பியின் முன்விளிம்பு நெற்றியிலிருந்து 7 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, சூரியன் நேர் எதிரே 45 பாகை உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பின் நிழல் 7 செ.மீ. கீழே, அதாவது கண்களுக்குக் கீழே, கன்னத்தில் விழும். மூக்கு நுனியோ முகத்திலிருந்து இரண்டு, மூன்று செ.மீ. முன்னால் துருத்தி நிற்கிறது. அங்கே விளிம்புக்கும் தோலுக்கும் இடைவெளி குறைவு, நிழலும் அந்த அளவுக்கு மேலேயே நின்றுவிடும். அதனால் உண்மையான நிழல்கோடு முகத்தில் நேராக ஓடாது. கன்னத்தில் தாழ்ந்து, மூக்கின் மேல் வளைந்து ஏறி, மறுபக்கம் மறுபடி இறங்கும். தெளிந்த வெயிலில் கோடு கூர்மையாகவும் இருக்கும். இவ்வளவு குறைந்த தூரத்தில் அதன் மங்கல் ஓரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

மென்பொருளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தான் பழகிய படங்களில் பார்த்ததை வரைகிறது, அவ்வளவுதான். பிரபலங்களின் படங்கள் பெரும்பாலும் பேட்டிகளிலும் மேடைகளிலும் நல்ல வெளிச்சத்தில் எடுத்தவை. தொப்பி நிழல் விழுந்தவை அபூர்வம். எனவே கூர்மையான கோட்டுக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் பட்டை வரும். தலை திரும்பும்போது கோடு தவழாமல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துடிக்கும். கன்னத்தில் ஓடி வந்த கோடு, காதுக்கு முன்னால் அசல் தோலைத் தொடும் இடத்தில் விட்டுப்போகும் அல்லது படி இறங்கியதுபோல விலகும்.

அடுத்தது நிறப் பொருத்தம். புது முகத்தின் நிறத்தைப் பழைய முகத்தோடு இணைக்க, பல மென்பொருள்கள் முழு முகத்தின் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் சமப்படுத்துகின்றன. எந்த இடம் இருட்டு, எந்த இடம் வெளிச்சம் என்பது இந்தக் கணக்கில் வராது. பாதி முகம் நிழலில் இருந்தால், நிழல் வெளிறிப்போகும், வெயில் பட்ட தாடை மங்கிவிடும். புருவத்துக்கு மேலே அசல் நிழல் கருமையாகவும் கீழே வரைந்த நிழல் சாம்பலாகவும் தெரிந்தால் இதுதான் காரணம்.

நான் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். தொப்பி போட்டவரின் கருவிழியில், மேல்பாதியில் விளிம்பின் இருட்டு பிரதிபலிக்கும். வெளிச்சம் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும்தான் வரும். விளிம்பின் அடியில், நிழலுக்குள் இருக்கும் கண்ணின் மேல்பகுதியில் ஸ்டூடியோ விளக்குபோல வெள்ளைப் புள்ளி ஒன்று பளிச்சிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். படம் எடுப்பவர் ஃபிளாஷோ எதிரொளிப்புப் பலகையோ பிடித்திருந்தால் மட்டுமே அதற்கு நியாயம் உண்டு.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. மேகமூட்டத்திலும் அறைக்குள்ளும் பெரும்பாலும் கூர்மையான நிழல்கோடே இருக்காது. வாட்ஸ்அப்பில் பல கை மாறிய வீடியோவில் அசல் கோடும் கட்டம் கட்டமாகக் கலைந்திருக்கும். அதை வைத்து யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. சினிமாத் தரத்தில் வேலை செய்பவர்கள், அசல் காட்சியின் நிழலைத் தனி அடுக்காகப் பிரித்து, புது முகத்தின் மேல் கையால் பொருத்திவிடுவார்கள். அப்போதும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது: அந்தக் கோடு பழைய ஆளின் மூக்குக்கு ஏற்ப வளைந்தது. புது மூக்கு அதைவிட எடுப்பாகவோ சப்பையாகவோ இருந்தால் வளைவு பொருந்தாது.

சந்தேகம் வந்தால், ஆள் தலையைத் திருப்பும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, மூக்கின் மேல் ஏறும் கோட்டையும் காதோரத்தையும் மட்டும் பாருங்கள். கோடு கச்சிதமாக இருப்பதாலேயே வீடியோ அசல் என்று ஆகிவிடாது.