பாதி விலை காம்போவும் கூப்பன் கோடும்

சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு அப்பளம். மேலிருந்து எடுத்த பளிச்சென்ற படம். கீழே இப்படி ஒரு கேப்ஷன்: ‘நம்ம மினி மீல்ஸ் காம்போ இப்போ பாதி விலையில்! கோடு MEALS50. உடனே ஆர்டர் பண்ணுங்க மக்களே!’ பக்கத்தில் நாலு தீ எமோஜி. மதியப் பசி எடுக்கும் நேரத்தில் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் இந்த வகைக் கேப்ஷன்கள் வரிசைகட்டி நிற்கின்றன. படிப்பதற்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது. ஆனால் இதை நம்பி ஆர்டர் போடப் போகிறவர் நேராகக் கார்ட்டில் போய் முட்டிக்கொள்வார்.

வேளச்சேரியில் ஒரு கிளவுட் கிச்சன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேஜை நாற்காலி கிடையாது, கல்லா கிடையாது, பெரும்பாலும் வாசலில் பெயர்ப்பலகையும் கிடையாது. சமைத்துப் பொட்டலம் கட்டி டெலிவரி ஆளிடம் கொடுப்பதோடு வேலை முடிகிறது. ஃபாசோஸ், பெஹ்ரூஸ் பிரியாணி, ஓவன் ஸ்டோரி என்று தனித்தனிக் கடைகளாகத் தெரியும் மூன்றும் ரெபெல் ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள்தான். ஒரே சமையற்கூடத்திலிருந்து பல பெயர்களில் சாப்பாடு போவது இந்தத் தொழிலில் சகஜம். சர்வரும் இல்லை, ‘இன்னைக்கு என்ன ஸ்பெஷல்’ என்று கேட்க ஆளும் இல்லை. அதனால் சர்வர் வாயால் சொல்லும் விவரங்களையெல்லாம் கேப்ஷன்தான் சொல்லியாக வேண்டும்.

நம் வேளச்சேரி கிச்சனின் மினி மீல்ஸ் விலை ₹249. ஆப்பில் அது வைத்திருக்கும் சலுகை: ₹299-க்கு மேல் ஆர்டர் செய்தால் 50 சதவீதத் தள்ளுபடி, அதிகபட்சம் ₹100. கேப்ஷனைப் படித்தவர் மனசுக்குள் போடும் கணக்கு 249-இல் பாதி, ஏறக்குறைய ₹125. ஆப்பைத் திறந்து காம்போவைக் கார்ட்டில் போட்டு, கோடை அடித்தால் அது ஏறவில்லை. இன்னும் ₹50-க்கு ஏதாவது சேர்க்கச் சொல்கிறது. சரி என்று ₹60-க்கு ஒரு பால் பாயசம் சேர்க்கிறார். மொத்தம் ₹309. இப்போது கோடு ஏறுகிறது. ஆனால் பாதி குறையவில்லை, உச்சவரம்பான ₹100 மட்டும் குறைந்து ₹209 ஆகிறது. பேக்கிங் ₹20 என்றால் ₹229. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி ₹11.45. ஆக ₹240.45. டெலிவரி கட்டணமும் ஆப்பின் சொந்தக் கட்டணமும் இன்னும் வரவில்லை. ₹125 என்று நினைத்து வந்தவர் இந்த இடத்தில் ஆப்பை மூடிவிட்டுப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தச் சலுகையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ₹299-க்கு மேல் போகும் எந்த ஆர்டரிலும் பாதி என்பது ₹150-ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் வரும். உச்சவரம்போ ₹100. அப்படியென்றால் 50 சதவீதம் குறைவது யாருக்குமே நடக்காத காரியம். நம் ஆசாமிக்குக் கிடைத்தது 32 சதவீதம். நண்பருக்கும் சேர்த்து இரண்டு காம்போ வாங்குகிறவர் ₹498 கட்ட வேண்டிய இடத்தில் ₹398 கட்டுவார். அவருக்கு 20 சதவீதம்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைப்பது ₹100. கேப்ஷனில் எழுத வேண்டியதும் அந்த நூறு ரூபாயைத்தான். சதவீதக் குறி கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் கார்ட்டில் கண்ணால் பார்க்கப் போவது ரூபாய்க் கணக்கு.

கிச்சன் ஏன் ₹249 காம்போவுக்கு ₹299 வரம்பு வைக்கிறது என்று கேட்கலாம். அதற்கும் கணக்கு இருக்கிறது. தள்ளுபடியை முழுக்கக் கிச்சனே ஏற்கிறது, கமிஷன் தள்ளுபடி போன தொகைக்கு 20 சதவீதம் என்று ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். உண்மையில் இரண்டும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். வரம்பே இல்லாமல் ஒற்றைக் காம்போவுக்கு ₹100 கொடுத்தால் மிச்சம் ₹149. அதில் கமிஷனும் கமிஷன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ₹35 போக, கையில் நிற்பது ₹114. அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ், ஆள் கூலி எல்லாம் அதற்குள். பாயசமும் சேர்ந்த ₹309 ஆர்டரில் அதே கணக்கு ஏறக்குறைய ₹160 தருகிறது. அந்த ஒரு பாயசம் கூடுதலாக ₹46 கொண்டுவருகிறது. ஒரு கப் பாயசத்துக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் கிச்சன் பிழைக்கும். ஆக வரம்பு வைத்ததில் தவறில்லை. அதை வாடிக்கையாளரிடம் மறைத்ததுதான் தவறு.

மறைப்பது சட்டப்படியும் சிக்கலான விஷயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரத்தில் ஒரு நிபந்தனை குறிப்பு வந்தால், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அதுவும் இருக்க வேண்டும், எழுத்துரு கூட ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்த நெறிகள் சொல்கின்றன. ‘பாதி விலை’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நிபந்தனைகள் உண்டு என்பதை மட்டும் மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒதுக்கும் பழக்கத்துக்கு இது நேர் எதிர்.

காம்போவுக்கே உரிய இன்னொரு பொறி உண்டு. கூப்பன்களில் சில உணவு வகைகளை ஒதுக்கி வைப்பார்கள். பாக்கெட் விலை அச்சிட்ட குளிர்பானம் போன்றவை அடிக்கடி ஒதுக்கப்படும். ஏற்கெனவே விலை குறைத்து வைத்த காம்போக்களும் சில சமயம் அந்தப் பட்டியலில் போய்விடும். காம்போ படத்தைப் போட்டு, காம்போவுக்குச் செல்லாத கோடைக் கீழே எழுதிவைக்கும் விபத்து இப்படித்தான் நேர்கிறது. பதிவிடும் முன் கேப்ஷன் எழுதுகிறவர் கிச்சன்காரருடைய போனை விட்டு வேறொரு போனில், வாடிக்கையாளர் மாதிரியே காம்போவைக் கார்ட்டில் போட்டுக் கோடை அடித்துப் பார்த்துவிட வேண்டும். பணம் கட்டுவதற்கு முந்தைய திரை வரை போனால் போதும், செலவில்லை.

அடுத்தது வழி சொல்வது. ‘ஸ்விகி, சொமாட்டோவில் கிடைக்கும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், ஒரு ஆப்பின் கோடை இன்னொன்றில் அடித்துப் பார்த்துத் தோற்றுப்போகிறவர்கள் நிறைய. இரண்டிலும் சலுகை தனித்தனியாகத்தான் அமைக்கப்படுகிறது. எனவே கோடுக்குப் பக்கத்திலேயே ஆப்பின் பெயர் நிற்க வேண்டும். கடைப் பெயரிலும் கவனம் வேண்டும். கேப்ஷனில் தமிழில் ‘சமையல்’ என்று இருக்கும். ஆப்பில் அது Samayal என்றா, Samaiyal என்றா, பின்னால் ஒரு Kitchen ஒட்டிக்கொண்டா இருக்கிறது என்று தேடுகிறவருக்குத் தெரியாது. இதே மாதிரிப் பெயரில் இன்னும் நாலு கடை வந்து நிற்கும். ஆப்பில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே ஒரு தடவை கேப்ஷனில் எழுதிவிட்டால் தீர்ந்தது. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போடும் இணைப்பு தொட்டால் திறப்பதில்லை. அதை முகப்புப் பக்கத்தின் பயோவில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

எந்தப் பகுதிகளுக்கு டெலிவரி உண்டு என்பதை முதல் வரியிலேயே சொல்வது நல்லது. வேளச்சேரி கிச்சனின் சாம்பார் சாதம் அண்ணா நகர் முகவரிக்கு வராது. அங்கிருந்து தேடுகிறவருக்குக் கடையே கண்ணில் படாமல் போகலாம். முதல் வரி என்று அழுத்திச் சொல்லக் காரணம், இன்ஸ்டாகிராமில் முதல் இரண்டு வரிகளோடு கேப்ஷன் மடங்கிவிடும். மீதியைப் படிக்க more என்பதைத் தொட வேண்டும். பசியோடு இருப்பவர்கள் அதைத் தொடுவார்கள் என்று நம்பி எழுதக் கூடாது.

இவ்வளவையும் வைத்து அந்தக் கேப்ஷனைத் திருப்பி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

‘வேளச்சேரி, மடிப்பாக்கம், தரமணிப் பக்கமா இருக்கீங்க? ₹299-க்கு மேல ஆர்டர் பண்ணா ₹100 குறையும். ஸ்விகியில மட்டும், கோடு MEALS50.

மினி மீல்ஸ் ₹249, பால் பாயசம் ₹60, ரெண்டும் ₹309. கோடு போட்டா ₹209. பேக்கிங், ஜிஎஸ்டி, டெலிவரி தனி.

ஸ்விகியில நம்ம கடையைத் தேடி, ரெண்டையும் கார்ட்ல போட்டுட்டு, Apply Coupon தொட்டு MEALS50 அடிங்க. ₹100 குறைஞ்சிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

ஞாயிறு ராத்திரி 10 மணி வரைக்கும்தான். ஒரு அக்கவுண்டுக்கு ஒரு தடவை.’

முதலில் இருந்த உற்சாகம் இதில் கொஞ்சம் குறைவுதான். ஆனால் சாம்பாரின் மணத்தையும் அப்பளத்தின் மொறுமொறுப்பையும் படம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. படத்தால் சொல்ல முடியாதவை இந்த எண்களும் வழியும் மட்டுமே. கடைசி வரிக்கு முன்னால் உள்ள ‘பாத்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க’ என்பது சாதாரணமாகத் தெரியலாம். கோடு ஏறாமலே பணம் கட்டிவிட்டு, பிறகு மீதியைத் திருப்பிக் கேட்டு அலைகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆர்டர் உறுதியான பிறகு கூப்பனைச் சேர்க்க வழியில்லை.

கோடையும் கெடுவையும் படத்தின் மேலேயே அச்சடித்துவிடுவது டிசைன் செய்கிறவர்களுக்குப் பிடித்த வேலை. பதிவிட்ட பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தில் பதிந்த எழுத்தைத் திருத்த முடியாது. காலாவதியான கோடோடு அந்தப் படம் மாதக்கணக்கில் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும். படத்தில் சாப்பாட்டின் பெயரும் கடைப் பெயரும் போதும். கோடும் தேதியும் கேப்ஷனில் இருந்தால், ஞாயிறு இரவு சலுகை முடிந்ததும் அந்த இரண்டு வரிகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடலாம்.

அப்படியும் ‘கோடு வேலை செய்யல’ என்று ஒரு பின்னூட்டம் வரத்தான் செய்யும். மன்னிப்புக் கேட்டு எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டால் பெரும்பாலும் காரணம் பிடிபடும்: எந்த ஆப், கார்ட்டில் உணவின் விலை மட்டும் எவ்வளவு, இந்தக் கோடை முன்பே பயன்படுத்தியிருக்கிறாரா. இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். குறைந்தபட்சத் தொகையைப் பொதுவாக உணவின் விலையை வைத்தே ஆப் பார்க்கிறது. பேக்கிங்கும் வரியும் டெலிவரியும் சேர்த்து ₹299-ஐத் தாண்டினாலும், சாப்பாடு மட்டும் ₹285 என்றால் MEALS50 ஏறாது.