படத்தில் முதலில் பின்சக்கரத்தைப் பாருங்கள்

என் அத்தைக்கு எழுபத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வலது பக்கம் நன்றாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே, வெளியூரில் இருக்கும் அவர் மகன் செல்போனில் படம் பார்த்து ஒரு வீல்சேர் வாங்கி அனுப்பினார். விவரத்தில் "தானே ஓட்டலாம், மற்றவரும் தள்ளலாம்" என்று போட்டிருந்தது. வந்து இறங்கிய நாற்காலி பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு சக்கரமும் சின்னவை. அத்தையால் அதை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியவில்லை.

அடுத்த சில நாட்களில் அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு தடவையும் பாத்ரூமுக்குத் தள்ளிட்டுப் போன்னு யாரைக் கூப்பிடுறது?" என்றார். தவறான நாற்காலி ஒருவரின் சிறுநீரகம் வரைக்கும் போய்த் தாக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவருக்கு வந்தது டிரான்சிட் வீல்சேர். அதாவது, வேறொருவர் தள்ளுவதற்காகவே செய்யப்பட்டது. படத்தில் இதைக் கண்டுபிடிக்கப் பின்சக்கரம் ஒன்றே போதும். சக்கரத்தின் உச்சி உட்காரும் இடத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால் அது டிரான்சிட். சக்கரம் கைதாங்கிக்குப் பக்கம் வரை உயர்ந்து, அதற்கு வெளியே இன்னொரு மெல்லிய வளையமும் தெரிந்தால், அது உட்கார்ந்திருப்பவரே கையால் ஓட்டும் சாதாரண வீல்சேர். அந்தப் பெரிய சக்கரம் பொதுவாக 24 அங்குலம் இருக்கும். சக்கரம் ஓரளவு பெரிதாக இருந்தும் வெளிவளையம் இல்லை என்றால் ஏமாந்துவிடாதீர்கள். கையால் பிடித்துத் தள்ளுவது அந்த வளையத்தைத்தான். பிரேக்கையும் கவனியுங்கள். டிரான்சிட் நாற்காலியில் பெரும்பாலும் பின்னால் தள்ளுகிறவரின் பிடியிலேயே சைக்கிளில் இருப்பது போன்ற பிரேக் லீவர் இருக்கும்.

பேட்டரி வீல்சேரிலும் சக்கரங்கள் சின்னவையாகவே இருப்பதுண்டு. குழப்பம் இங்கேதான் வருகிறது. அதில் டயர் தடிமனாக இருக்கும், உட்காரும் இடத்துக்கு அடியில் பேட்டரி இருக்கும், கைதாங்கியின் நுனியில் ஜாய்ஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். வலது கை விழுந்தவருக்கு வலப்பக்க ஜாய்ஸ்டிக் பயன்படாது. அதை இடப்பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

முன்னாலிருந்து எடுத்த படத்தில் இந்த அடையாளங்களில் பாதி மறைந்துவிடும். அத்தையின் நாற்காலிக்குப் போட்டிருந்ததும் அப்படிப்பட்ட படம்தான்.

டிரான்சிட் நாற்காலி மட்டமானது என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடக்க முடிகிறவரை டாக்டரிடமோ கோயிலுக்கோ கூட்டிப்போக அதைவிட வசதியானது கிடையாது. எடை குறைவு, மடித்தால் கார் டிக்கியில் அடங்கிவிடும். இரண்டு கையிலும் பலம் இல்லாமல், எப்போதும் கூடவே ஆள் இருப்பவருக்கும் அது சரி. ஒரு கையாவது நன்றாக இருக்கிறவரை அதில் நாளெல்லாம் உட்கார வைப்பதுதான் தவறு.

இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ள முடியாதவருக்கும், தசைச்சிதைவு நோய் உள்ளவருக்கும், கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவருக்கும் பேட்டரி நாற்காலி பெரிய விடுதலை. அத்தையின் மகன் அடுத்து அதைத்தான் வாங்க நினைத்தார். பிசியோதெரபிஸ்ட் தடுத்தார். இடப்பக்கம் விழுந்த பக்கவாத நோயாளிகள் சிலருக்கு இடப்புறம் இருப்பது கண்ணில் பட்டாலும் மனதில் படாது. தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். அத்தையிடமும் அது இருந்தது. அந்த நிலையில் மோட்டார் வண்டியைக் கொடுத்தால் இடப்பக்கக் கதவு நிலையில் போய் மோதுவார். இன்னொரு ஆபத்தையும் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். பேட்டரி தீர்ந்தால் கையால் தள்ளுவதற்கு மோட்டாரை விடுவிக்கும் லீவர் ஒன்று இருக்கும். அதை விடுவித்த நிலையில் பல வண்டிகளில் பிரேக்கும் பிடிக்காது. சாய்வுதளத்தில் அப்படி விட்டால் ஆளோடு உருண்டுவிடும்.

கடைசியில் அத்தைக்குப் பொருந்தியது கையால் ஓட்டும் சாதாரண வீல்சேர்தான். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. ஒரு கையால் மட்டும் தள்ளினால் நாற்காலி வட்டமடிக்கும். நல்ல காலைத் தரையில் ஊன்றி இழுத்தால்தான் நேராகப் போகும். அதற்குக் குதிகால் தரையைத் தொட வேண்டும். கடையில் கிடைக்கும் நாற்காலிகளின் உட்காரும் இடம் ஏறத்தாழ 19, 20 அங்குல உயரத்தில் இருக்கும். குள்ளமான அத்தையின் கால் அந்தரத்தில் தொங்கியது. ஆகவே பின்சக்கரம் மாட்டும் இடத்தில் மேலும் கீழுமாகத் துளைகள் உள்ள நாற்காலியாகத் தேடினோம். இதுவும் பக்கவாட்டுப் படத்திலேயே தெரியும். பின்சக்கரத்தை மேல் துளைக்கு மாற்றி, முன்சக்கரத்தையும் அதற்கேற்ப ஏற்றினால் நாற்காலி தாழும். வலப்பக்கக் கால்மிதியைக் கழற்றிவிட்டோம். இடப்பக்க பிரேக்கை வலது கை எட்டிப் பிடிக்க, அதன் பிடியை நீட்டிக் கொடுத்தார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து இரண்டு அளவு பார்க்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம், அதோடு ஓர் அங்குலம் கூட்டினால் வருவது உட்காரும் இடத்தின் அகலம். அத்தைக்கு 15 அங்குலம், ஆக 16 அங்குல நாற்காலி. அடுத்தது, பாத்ரூம் கதவு. கையால் ஓட்டும் வீல்சேரின் மொத்த அகலம் உட்காரும் இடத்தைவிட ஏறத்தாழ 8 அங்குலம் கூடுதலாக இருக்கும். எங்கள் கதவு 27 அங்குலம், நாற்காலி 24. நுழைந்துவிட்டது. "பெருசா இருந்தா சொகுசு" என்று 18 அங்குலம் வாங்கியிருந்தால் மொத்தம் 26 ஆகியிருக்கும், கதவில் விரல் முட்டி உரசியிருக்கும், உடம்பும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

முதல் நாற்காலியைத் திருப்பித் தருகிறோம் என்றதற்கு, "பிரித்த பொருளை எடுக்க மாட்டோம்" என்றார் விற்றவர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இணையத்தில் விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதி. "தானே ஓட்டலாம்" என்று போட்டிருந்த பக்கத்தை அத்தை மகன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்த பிறகு பணம் திரும்பி வந்தது. அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வாங்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். விண்ணப்பத்தில் "வீல்சேர்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வகை, எந்தக் கை வேலை செய்கிறது, இடுப்பு அகலம் எவ்வளவு என்று டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ எழுதி வாங்கி இணைத்துக் கொடுங்கள்.

படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், பணம் கட்டும் முன் விற்பவரிடம் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள். அதை அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.