பெருமிதத்தைக் கழித்தால் மிஞ்சுவது

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஒரு தாளோடு டீக்கடைக்கு வந்தார். புது போர்வெல் மோட்டாருக்கான செய்திக் குறிப்பு. “அண்ணா, அனுப்பறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துக் குடுங்க” என்றார்.

முதல் பத்தி இது: “விவசாயிகளின் வாழ்வில் புரட்சியை ஏற்படுத்தும், உலகத் தரம் வாய்ந்த 5 எச்.பி. மோட்டாரை அறிமுகப்படுத்துவதில் பெருமிதம் கொள்கிறோம். 40 சதவீதம் வரை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இம்மோட்டார், தமிழக விவசாயிகளின் கரண்ட் பில்லைப் பாதியாக்கும்.”

இரண்டு டீ சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

“முதல் வாக்கியத்துல உங்க கம்பெனிக்குப் பதிலா, எதிர்க் கம்பெனி பேரைப் போட்டுப் படிங்க.” படித்தார். ஒரு குறையும் தெரியவில்லை. யார் பெயருக்கும் பொருந்தும் வாக்கியம் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. புரட்சியும் பெருமிதமும் அப்படிப் போயின. ஆனால் ‘உலகத் தர’த்தை உடனே அடிக்கவில்லை. எதை வைத்து அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். “ஐஎஸ்ஐ முத்திரை வாங்கியிருக்கோம்ங்க.” போர்வெல் பம்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 8034. அதை எழுதினால் போதும். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். வெற்றுப் பேச்சாகத் தெரியும் சொல்லுக்கு அடியில் சில நேரம் ஒரு நல்ல தகவல் ஒளிந்திருக்கும். கேட்காமல் அடித்தால் அதுவும் போய்விடும்.

அடுத்து அந்த 40 சதவீதம். எண் இருப்பதால் உண்மை போலத் தெரிகிறது. ஆனால் எதைவிட 40 சதவீதம்? சோதனைத் தாளை போனில் வரவழைத்தார். 45 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 280 லிட்டர் தண்ணீர் ஏற்ற, கம்பெனியின் பழைய 5 எச்.பி. மாடல் மணிக்கு 4.5 யூனிட் இழுக்கிறது, புதியது 3.6. மிச்சம் 0.9 யூனிட், அதாவது 20 சதவீதம். அப்படியானால் 40 எங்கிருந்து வந்தது? ஒரு தோட்டத்தில், இரண்டு முறை ரீவைண்டிங் செய்த 7.5 எச்.பி. மோட்டார் அதே தண்ணீருக்கு 6 யூனிட் இழுத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் 40. கணக்கு பொய்யில்லை, ஒப்பீடுதான் சரியில்லை. ‘வரை’ என்ற சொல் அந்த ஒரே ஒரு தோட்டத்தை எல்லாத் தோட்டங்களுக்கும் நீட்டிவிடுகிறது. ஆகவே ‘வரை’யைக் கண்டால் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எதோடு ஒப்பிட்டது, எந்த நிலையில் அளந்தது, அளந்தது யார்? இங்கே அளந்தது கம்பெனியே. அதையும் எழுத வேண்டும்.

கடைசியில் கரண்ட் பில். இதில் தம்பியே சிரித்துவிட்டார். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். இல்லாத பில் எப்படிப் பாதியாகும்? இந்த ஒரு வரியைப் பார்த்ததும் செய்தி ஆசிரியர் மற்ற வரிகளையும் நம்பமாட்டார். இதற்கு மாற்று வாக்கியம் தேட வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதுதான்.

திருத்தியது இப்படி வந்தது: “கோவையைச் சேர்ந்த இந்நிறுவனம், போர்வெல்லுக்கான புதிய 5 எச்.பி. மோட்டார் பம்பை அறிமுகப்படுத்தியுள்ளது. இதற்கு ஐஎஸ் 8034 தரப்படி ஐஎஸ்ஐ முத்திரை பெறப்பட்டுள்ளது. 45 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 280 லிட்டர் ஏற்றும்போது, தனது முந்தைய 5 எச்.பி. மாடலைவிட இது 20 சதவீதம் குறைவான மின்சாரம் எடுப்பதாக நிறுவனம் நடத்திய சோதனையில் தெரியவந்ததாக அது கூறுகிறது.”

“எம்.டி.க்கு இது சப்புன்னு இருக்குமேங்க” என்றார். அவருக்கு இடம் உண்டு. ‘எங்கள் நிறுவனத்தின் மிகச் சிறந்த படைப்பு இது’ என்று அவர் நினைத்தால், அதை மேற்கோள் குறிக்குள் அவர் பெயரோடு போடலாம். அங்கே அது ஒருவரின் கருத்து. வெளியே எழுதினால் நிரூபிக்க வேண்டிய கூற்று. அந்த மேற்கோளில் மட்டும் அவரைக் கேட்காமல் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது.

இன்னொரு பொறி வினைச்சொல்லில் இருக்கிறது. தம்பி கடைசி வரியில் ‘கூறுகிறது’ என்பதை ‘நிரூபித்துள்ளது’ என்று மாற்றப் பார்த்தார். அடைமொழி ஒன்றுகூட இல்லாமலேயே மிகை திரும்பி வந்துவிடும் வழி அது. வெளி ஆய்வகம் ஒன்று சோதித்துச் சான்று தரும்வரை ‘கூறுகிறது’தான் சரி.

டீ ஆறிவிட்டது. மூன்று வாக்கியமும் ஒரு சதவீதக் கணக்கும் நின்றன. இந்தக் குறிப்பை அனுப்பலாம். இப்படிக் கழித்துப் பார்த்து ஒன்றுமே மிஞ்சாத குறிப்பென்றால், அதை அனுப்ப வேண்டாம்.